கரூரிலிருந்து மதுரைக்கு, மும்பை வழியாக

கரூர்க் கடையில் பில் போடுபவர் ஒரு படுக்கை விரிப்பின் இருப்பைத் தட்டிப் பார்க்கிறார். சரக்கு மதுரைக் கிடங்கில் இருக்கிறது, அதன் கணக்கும் அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் அவர் தட்டிய கேள்வி நேராக மதுரைக்குப் போவதில்லை. முதலில் மும்பைக்குப் போகிறது. அங்கே ஒரு வாடகைச் சர்வரில் பூட்டுத் திறக்கப்பட்டு, வேறொரு பூட்டு போடப்பட்டு, அதன் பிறகே தெற்கே திரும்பி மதுரைக்கு வருகிறது. பதிலும் அதே சுற்று வழியில் கரூருக்குப் போகிறது. பில் போடுபவருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

ஈரோட்டில் தலைமை அலுவலகம், கரூரில் கடை, மதுரையில் கிடங்கு. விளக்க வசதிக்காக இப்படி ஒரு ஜவுளி வியாபாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களையும் ஒரே அலுவலகம் போல இணைக்க இன்று பரவலாகக் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. வண்டிச் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால்கள் வந்து சேர்வதுபோல, எல்லாக் கிளைகளும் நடுவில் உள்ள ஒரு சர்வரோடு மட்டும் பேசும். கிளைக்கும் கிளைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இணைக்கும் மென்பொருளின் பெயர் வயர்கார்டு.

நேராகவே இணைத்தால் என்ன என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். தடையாக நிற்பது இன்டர்நெட் நிறுவனங்கள் தரும் முகவரிதான். பழைய வகை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதும் தீர்ந்துபோன நிலையில், பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். இதற்கென்றே 2012இல் 100.64.0.0 என்று தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அந்த இணைப்பு சிஜிநாட்டுக்குள் இருக்கிறது என்று அறியலாம். அங்கிருந்து வெளியே கூப்பிடலாம், வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. கரூரும் மதுரையும் இப்படி இருந்தால் யார் யாரை முதலில் கூப்பிடுவது? இருவராலும் எட்டக்கூடிய, நிலையான பொது முகவரி உள்ள மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறிய கிளவுட் சர்வர் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு ஜிபி நினைவகம் உள்ள மிகச் சிறிய சர்வரே மூன்று கிளைகளுக்குத் தாராளம்.

எண்ணிக்கையும் இதற்குச் சாதகம். மூன்று அலுவலகங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க மூன்று இணைப்புகள் போதும், பத்து அலுவலகங்களுக்கு நாற்பத்தைந்து வேண்டும். நடுவில் ஒரு சர்வர் இருந்தால் பத்துக்குப் பத்துதான்.

வயர்கார்டை எழுதியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். இதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரையை அவர் 2017இல் வெளியிட்டார். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் அது லினக்ஸின் உட்கருவிலேயே சேர்ந்தது. அதற்கு முன்பு கிளைகளை இணைக்கப் பயன்பட்ட ஐபிசெக், ஓப்பன்விபிஎன் இரண்டும் பெரிய மென்பொருள்கள். வயர்கார்டின் லினக்ஸ் வடிவமோ சுமார் நான்காயிரம் வரிகளுக்குள் அடங்கியது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மற்றவர் எழுதிய நிரலைச் சுலபத்தில் மெச்சுகிறவர் அல்ல. அவரே 2018இல் இதை ஒரு கலைப்படைப்பு என்ற பொருளில் புகழ்ந்திருக்கிறார்.

சிறியது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வயர்கார்டில் 'மைய சர்வர்' என்றோ 'கிளை' என்றோ எந்த அமைப்பும் கிடையாது. அதன் பார்வையில் எல்லோரும் சமம். ஒவ்வொரு முனையிலும் `AllowedIPs` என்ற வரியில் எழுதுவதைப் பொறுத்தே ஒன்று மையமாகவும் மற்றவை கிளைகளாகவும் ஆகின்றன. இந்த வரி சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தவறாக இருந்தால், வயர்கார்டு பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு அமைதியாக இருக்கும்.

ஆனால் அந்த வரியை எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பலரும் தடுக்கி விழும் இடமும் அதுதான். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பெரும்பாலும் உள்பக்கத்துக்கு 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தபடியே வருகின்றன. ஈரோடு, கரூர், மதுரை மூன்றிலும் 192.168.1.20 என்று ஒரு கம்ப்யூட்டர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தனித்தனியாக இருந்தவரை அதனால் தொல்லை இல்லை. இணைத்த பிறகு 192.168.1.20 என்று யாராவது கேட்டால் எந்த ஊரை? கரூர்க் கம்ப்யூட்டர் அதைத் தன் அடுத்த மேசையில் தேடும். மதுரையை நினைத்தும் பார்க்காது.

ஆகவே முதலில் எண் மாற்றம். நம் ஜவுளிக் கடையில் ஈரோட்டுக்கு 10.20.1, கரூருக்கு 10.20.2, மதுரைக்கு 10.20.3 என்று வைக்கலாம். மூன்றாவது எண்ணைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். வயர்கார்டின் சொந்தப் பாதைக்கு 10.99.0 என்று தனித் தொகுதி. ரவுட்டரில் இதை மாற்றினால் தானாக முகவரி பெறும் கம்ப்யூட்டர்களும் போன்களும் மாறிக்கொள்ளும். யாரோ எப்போதோ கையால் முகவரி எழுதிவைத்த பிரிண்டரும் சிசிடிவி பெட்டியும்தான் மாறாமல் நின்று அடம்பிடிக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவது நல்லது. இதைத் தவிர்க்க, முகவரிகளை வழியில் வேறொன்றாக மாற்றி அனுப்பும் குறுக்கு வழிகளும் உண்டு. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து பார்க்கும்போது தலை சுற்றும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையே மலிவு.

அடுத்து சாவிகள். வயர்கார்டில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிடையாது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரகசியச் சாவி, அதிலிருந்து கணக்கிடப்படும் ஒரு பொதுச் சாவி. ரகசியச் சாவி பிறந்த இயந்திரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். இரண்டையும் உருவாக்க ஒரே கட்டளை போதும்:

```
umask 077
wg genkey | tee private.key | wg pubkey > public.key
```

மும்பைச் சர்வரில் எழுத வேண்டியது இவ்வளவுதான். ஈரோட்டுக்கான பகுதியும் இதே மாதிரி வரும் என்பதால் இங்கே விடப்பட்டிருக்கிறது.

```
[Interface]
Address = 10.99.0.1/24
ListenPort = 51820
PrivateKey = (hub private key)

[Peer]
# Karur
PublicKey = (karur public key)
AllowedIPs = 10.99.0.3/32, 10.20.2.0/24

[Peer]
# Madurai
PublicKey = (madurai public key)
AllowedIPs = 10.99.0.4/32, 10.20.3.0/24
```

கரூர் ரவுட்டரில்:

```
[Interface]
Address = 10.99.0.3/32
PrivateKey = (karur private key)

[Peer]
PublicKey = (hub public key)
Endpoint = 203.0.113.10:51820
AllowedIPs = 10.99.0.0/24, 10.20.0.0/16
PersistentKeepalive = 25
```

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அமைப்பின் சூட்சுமம் தெரியும். மும்பைச் சர்வர் ஒவ்வொரு கிளைக்கும் அந்தந்த ஊரின் முகவரிகளை மட்டும் எழுதிவைத்திருக்கிறது. கரூரோ 10.20 என்று தொடங்கும் எல்லாவற்றையும் மும்பையின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. கரூரின் சொந்த 10.20.2-உம் அந்தப் பெரிய தொகுதிக்குள் வருகிறதே, அது மும்பைக்குப் போய்விடாதா? போகாது. இரண்டு வழிகள் பொருந்தினால், எது குறிப்பாக இருக்கிறதோ அதையே ரவுட்டர் எடுக்கும். தன் கடைக்குள் இருப்பது கடைக்குள்ளேயே நிற்கும். இதனால் ஒரு வசதியும் கிடைக்கிறது. நாளைக்குத் திருநெல்வேலியில் 10.20.4 என்று நான்காவது கிளை திறந்தால், கரூரிலும் மதுரையிலும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். மும்பையில் ஒரு பகுதி சேர்த்தால் போதும்.

`Endpoint` என்ற வரி கரூரில் இருக்கிறது, மும்பையில் இல்லை. கரூர் எங்கே இருக்கிறது என்று மும்பைக்கு முன்கூட்டித் தெரியாது, தெரியவும் முடியாது. கரூர் கூப்பிட்டு, சாவி சரிதான் என்று நிரூபித்த பிறகு, அந்தப் பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதையே மும்பை குறித்துக்கொள்கிறது. இரவில் கரன்ட் போய் வந்து கரூரின் வெளி முகவரி மாறினாலும், அடுத்த பாக்கெட் வந்தவுடன் மும்பை புது முகவரிக்கு மாறிக்கொள்ளும்.

கடைசி வரியான 25 என்ற எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. கரூர் வெளியே பேசும்போது வழியிலுள்ள ரவுட்டரும் இன்டர்நெட் நிறுவனமும் 'இந்தப் பதில் இவருக்கு' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்துக்கொள்கின்றன. கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் அதை அழித்துவிடுகின்றன. சில சாதனங்கள் 30 வினாடியிலேயே அழித்துவிடும். அழிந்தபின் மதுரையிலிருந்து கரூருக்கு எதை அனுப்பினாலும் வாசலிலேயே நின்றுபோகும். அதனால் 25 வினாடிக்கு ஒருமுறை கரூர் ஒரு காலிப் பாக்கெட்டை அனுப்பிக் குறிப்பை உயிரோடு வைத்திருக்கிறது. இந்த வரியை மறந்த இடங்களில் வரும் புகார் ஒரே மாதிரி இருக்கும். காலையில் கடை திறந்ததும் மதுரையிலிருந்து கரூர் கிடைக்காது. கரூர்க்காரர் எதையாவது திறந்து பார்த்த மறுநிமிடம் எல்லாம் சரியாகிவிடும்.

இப்போது பில் போடுபவரின் கேள்வியோடு கூடவே போய்ப் பார்க்கலாம்.

அவருடைய கம்ப்யூட்டர் 10.20.2.15. கேட்பது 10.20.3.20-இடம். அது தன் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் பாக்கெட்டைக் கரூர் ரவுட்டரிடம் கொடுக்கிறது. இங்கேயே ஒரு கேள்வி எழும். வயர்கார்டு ஓடுவது ரவுட்டரிலா, அல்லது மூலையில் வைத்த ராஸ்பெரி பை மாதிரி ஒரு சிறு பெட்டியிலா? பெட்டியில் என்றால், 10.20 என்று தொடங்குவதையெல்லாம் அந்தப் பெட்டியிடம் தள்ளு என்று ரவுட்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரவுட்டர் அதை இன்டர்நெட்டுக்கு அனுப்பும், அங்கே யாரும் சீண்ட மாட்டார்கள். ஓப்பன்டபிள்யுஆர்டி ஏற்றிய ரவுட்டர்களிலும், ஏழாம் பதிப்பு மென்பொருள் உள்ள மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் வயர்கார்டை உள்ளேயே ஓட்டலாம் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

ரவுட்டரில் வயர்கார்டு தன் பட்டியலைப் பார்க்கிறது. 10.20.3.20 யாருடைய `AllowedIPs`-இல் வருகிறது? மும்பையின் கணக்கில். உடனே மும்பைக்கான சாவியால் பூட்டி அனுப்புகிறது. மும்பையில் பூட்டுத் திறந்ததும் நடப்பதுதான் வயர்கார்டின் தனித்தன்மை. அதே பட்டியலை மும்பை இப்போது எதிர்த்திசையில் படிக்கிறது. கரூரின் சாவியால் பூட்டி வந்த இந்தப் பாக்கெட்டில் அனுப்புநர் 10.20.2.15 என்று இருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொள்ளக் கரூருக்கு உரிமை உண்டா? கரூரின் `AllowedIPs`-இல் 10.20.2.0/24 இருப்பதால் உண்டு. ஒரே வரி, போகும்போது வழிகாட்டி, வரும்போது வாசல் காவல்.

மும்பையில் அந்த வரியில் 10.99.0.3 மட்டும் எழுதி, 10.20.2.0/24-ஐ விட்டுவிட்டால் என்ன ஆகும்? கரூர் ரவுட்டரிலிருந்தே மும்பைக்குப் பிங் செய்தால் அழகாகப் பதில் வரும், ஏனென்றால் ரவுட்டரின் சொந்த முகவரி 10.99.0.3. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து செய்தால் ஒன்றும் வராது. 'இணைப்பு வேலை செய்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை' என்று ஒருவர் புலம்பினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

காவலைத் தாண்டிய பாக்கெட்டை மும்பை மதுரைக்குத் தள்ள வேண்டும். லினக்ஸ் சர்வர் தனக்கு வராத பாக்கெட்டை இயல்பாக அடுத்தவருக்கு அனுப்பாது. `net.ipv4.ip_forward` என்பதை 1 ஆக்கினால்தான் அனுப்பும். ஃபயர்வாலிலும் ஒரே `wg0` கதவு வழியாக உள்ளே வந்து அதே கதவு வழியாக வெளியேற அனுமதி வேண்டும். அதே சர்வரில் டாக்கர் நிறுவியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அது பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வாசலைத் தன் போக்கில் மூடிவிடும் வழக்கமுடையது. எல்லாக் கிளைகளுக்கும் மும்பை கிடைக்கிறது, ஆனால் ஒரு கிளைக்கு இன்னொரு கிளை கிடைக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மதுரையில் மறுபடி அதே காவல். பாக்கெட் மும்பையின் சாவியோடு வருகிறது, அனுப்புநர் கரூர்க்காரர். மதுரை ரவுட்டர் மும்பைக்கு 10.20.0.0/16 முழுவதையும் அனுமதித்திருப்பதால் உள்ளே விடுகிறது. கடைசியாக விண்டோஸ். தன் வலையமைப்புக்குள்ளிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்லும் விண்டோஸ் ஃபயர்வால், வேறு முகவரித் தொகுதியிலிருந்து வந்தால் பெரும்பாலும் வாய் திறக்காது. மூன்று ஊர் அமைப்பையும் அக்கக்காகப் பிரித்துப் பார்த்த பிறகு, பிழை அந்த ஒரு மேசைக் கம்ப்யூட்டரில் இருந்தது என்று தெரிவது இத்துறையில் சாதாரணம். அதனால் சோதிக்கும்போது முதலில் மதுரை ரவுட்டரின் உள்முகவரியைப் பிங் செய்ய வேண்டும், அதன்பிறகே கம்ப்யூட்டரை. கரூர்க் கம்ப்யூட்டரின் 'நெட்வொர்க்' பக்கத்தில் மதுரைக் கம்ப்யூட்டரின் பெயர் தானாக வந்து நிற்கும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. அந்தப் பெயர்த் தேடல் ஒரு வலையமைப்பைத் தாண்டாது, முகவரியைக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.

வயர்கார்டு பேசாமடந்தை. சாவி தெரியாத யாராவது கதவைத் தட்டினால் 'போ' என்றுகூடச் சொல்லாது. இன்டர்நெட்டில் திறந்த கதவுகளைத் தேடித் திரிபவர்களுக்கு அப்படியொரு சர்வர் இருப்பதே தெரியாது என்பதால் இது பாதுகாப்பு. அமைப்பவருக்கோ சோதனை. சாவியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும், கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வாலில் 51820-க்கு வழிவிட மறந்திருந்தாலும், கரூரிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மௌனம்தான்.

மௌனத்தைப் பிரித்தறிய வழி உண்டு. முதலில் `wg show` என்று தட்டினால் ஒவ்வொரு கிளைக்கும் `latest handshake` என்ற வரி வரும். இரு முனைகளும் கடைசியாக எப்போது கைகுலுக்கின என்பதை அது காட்டும். போக்குவரத்து இருக்கும்போது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுக் கைகுலுக்கல் நடக்கும். 25 வினாடிப் பாக்கெட் ஓடிக்கொண்டிருக்கும் கிளையில் அந்த வரி மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இணைப்பு அறுந்திருக்கிறது. வரியே இல்லையென்றால் ஒருமுறைகூட இணையவில்லை என்று பொருள்.

அடுத்து, மும்பையில் வாசலுக்கு வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்:

```
tcpdump -ni eth0 udp port 51820
```

உள்ளே இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும் பாக்கெட்டின் நீளம் காட்டிக்கொடுத்துவிடும். கரூர் கையை நீட்டும் பாக்கெட் 148 பைட். மும்பை பதிலுக்கு நீட்டுவது 92 பைட். காலிப் பாக்கெட் 32 பைட். 148 வரவே இல்லையென்றால் வழியில் யாரோ தடுக்கிறார்கள், அல்லது கரூரில் எழுதிய முகவரி தவறு. ஐந்து வினாடிக்கு ஒருமுறை 148 வந்துகொண்டே இருந்து 92 ஒருமுறையும் போகவில்லையென்றால், பாக்கெட் சேர்ந்துவிட்டது, மும்பைக்குத்தான் அதைப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் சாவிக் கோளாறு. 148-உம் 92-உம் மாறி மாறி ஓடியும் இணைப்பு நிலைக்கவில்லையென்றால், பதில் கரூருக்குப் போய்ச் சேரவில்லை.

சாவி சரியாக இருந்தும் மும்பை பதில் சொல்லாத ஒரு நிலை உண்டு. இது அனுபவசாலிகளையும் ஏமாற்றும். கைநீட்டும் பாக்கெட்டில் கரூர் தன் கடிகார நேரத்தையும் வைத்து அனுப்புகிறது. முன்பு வந்த நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால்தான் மும்பை ஏற்கும். யாராவது பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சிறிய ரவுட்டர்களிலும் ராஸ்பெரி பையின் பல மாடல்களிலும் கடிகாரத்துக்கு பாட்டரி கிடையாது. கரன்ட் போய் வந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சரியான நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து பெறும்வரை கரூர் சொல்வதை மும்பை நம்பாது. வழக்கமாக ஓரிரு நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் கரூரின் `AllowedIPs`-இல் 0.0.0.0/0 என்று போட்டு, இன்டர்நெட் முழுவதையும் மும்பை வழியாகத் திருப்பிவிட்டிருந்தால் சிக்கிக்கொள்வார்கள். நேரம் சரியில்லாததால் டன்னல் வராது, டன்னல் வராததால் நேரம் கேட்க வழி இல்லை. யாராவது போய்க் கையால் கடிகாரத்தைத் திருத்தும்வரை கடை காத்திருக்க வேண்டியதுதான். கிளைகளை இணைப்பது மட்டுமே நோக்கம் என்றால் அந்த 0.0.0.0/0 தேவையே இல்லை. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை அப்படியே நகல் எடுப்பவர்களிடம்தான் அது ஒட்டிக்கொண்டு வருகிறது.

நகல் எடுப்பதால் வரும் இன்னொரு தொல்லை, ஒரே முகவரித் தொகுதியை இரண்டு கிளைகளுக்கு எழுதிவிடுவது. மதுரைக்கான பகுதியை நகலெடுத்துத் திருநெல்வேலிக்கு ஒட்டி, சாவியை மட்டும் மாற்றி, 10.20.3-ஐ 10.20.4 ஆக்க மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வயர்கார்டு ஒரு முகவரித் தொகுதியை ஒருவருக்குத்தான் கொடுக்கும். கடைசியாக எழுதியவருக்கே அது போகும். திருநெல்வேலியைச் சேர்த்த மறுநிமிடம், யாரும் தொடாத மதுரை காணாமல் போகும். `wg show`-வில் மதுரையின் பகுதியைப் பார்த்தால் அந்தத் தொகுதி அங்கே இருக்காது, கீழே திருநெல்வேலியின் பெயரில் இருக்கும்.

எல்லாம் இணைந்து, பிங் போய் வந்து, ஒரு வாரம் ஓடிய பிறகு வரும் புகார் வேறு வகை. சின்ன விஷயங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பு நடுவில் நின்றுவிடுகிறது. இங்கே பாக்கெட்டின் அளவு காரணமாக இருக்கலாம். சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வயர்கார்டு தன் உறைக்காக 80 பைட்டை ஒதுக்கி, உள்ளே 1420 வரை அனுமதிக்கிறது. ஆனால் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை இணைப்புகளில் வெளி அளவே 1492தான். அப்படியென்றால் உள்ளளவை 1412 ஆகக் குறைக்க வேண்டும். கரூரில் `[Interface]` பகுதியில் `MTU = 1412` என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்து, கோப்பு தடையின்றி ஓடினால் நோய் இதுதான்.

அளவு சரியாக இருந்தும் மெதுவாக இருந்தால் அது வழியின் நீளம். கரூரிலிருந்து மும்பை ஆயிரம் கிலோமீட்டருக்கு அருகில். கேள்வி மும்பை போய் மதுரை வந்து, பதில் மதுரையிலிருந்து மும்பை போய்க் கரூர் வர, மொத்தம் நாலாயிரம் கிலோமீட்டர் சுற்று. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே தூரத்துக்கு மட்டும் 20 மில்லி வினாடி. நடைமுறையில் வளைந்த வழிகளும் இடைச் சாதனங்களும் சேர்ந்து 50 ஆகலாம். ஒரு கேள்விக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பகிர்ந்த ஃபோல்டரில் இருக்கும் கணக்குக் கோப்பைத் தூரத்திலிருந்து திறக்கும் மென்பொருள், ஒரு திரையைக் காட்டவே இரண்டாயிரம் முறை கேட்டுப் பதில் வாங்கினால், 50 மில்லி வினாடி வீதம் நூறு வினாடி ஆகிவிடும். இன்டர்நெட் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் அது 99 ஆகக்கூட இறங்காது. கோப்பு இருக்கும் இடத்திலேயே மென்பொருளை ஓட்டி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திரையை மட்டும் கரூருக்குக் கொண்டுவருவதே இதற்குத் தீர்வு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் இயங்கும் வியாபாரம் சென்னையில் தரவு மையம் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் சுற்றும் பாதிக்கு மேல் குறையும். தலைமை அலுவலகத்தில் நிலையான பொது முகவரியும் நம்பகமான மின்சாரமும் இருந்தால் ஈரோட்டையே மையமாக்கலாம். ஆனால் ஈரோட்டில் இணைப்பு அறுந்தால் கரூருக்கும் மதுரைக்கும் இடையிலான பேச்சும் நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வாடகைச் சர்வரில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. கரூரிலிருந்து மதுரைக்கு ஒரு ஜிபி போனால், சர்வருக்குள் ஒரு ஜிபி வந்து ஒரு ஜிபி வெளியேறுகிறது. வெளியேறுவதற்குத்தான் பல நிறுவனங்கள் கட்டணம் கேட்கின்றன.

இந்த அமைப்பில் சொல்லாமல் விடக்கூடாத உண்மை ஒன்று, பூட்டு முழுவழிக்குமானது அல்ல என்பது. கரூரில் போட்ட பூட்டு மும்பையில் திறக்கப்படுகிறது, மதுரைக்கு வேறு பூட்டு. நடுவில் ஒரு கணம் எல்லாம் திறந்த நிலையில் இருக்கிறது. மும்பைச் சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ, அவர் நினைத்தால் கிளைகளுக்குள் ஓடுவதைப் பார்க்க முடியும். ஆகவே அந்தச் சர்வரில் கம்பெனியின் வெப்சைட்டையும் வேறு நான்கு மென்பொருள்களையும் 'இடம் சும்மாதானே இருக்கிறது' என்று ஏற்றுவது தவறான சிக்கனம்.

மையம் இருப்பதில் லாபமும் உண்டு. கரூர்க் கடை ரவுட்டர் திருடுபோனால், அதனுள்ளே உள்ள ரகசியச் சாவியும் போய்விடுகிறது. மும்பையில் ஒரே கட்டளையில் அந்தச் சாவியை நீக்கிவிட்டால் திருடியவர் எந்தக் கிளைக்கும் போக முடியாது:

```
wg set wg0 peer (karur public key) remove
```

கோப்பிலிருந்தும் அந்தப் பகுதியை அழிக்க வேண்டும். இல்லையென்றால் சர்வர் மறுபடி துவங்கும்போது அது உயிர்த்தெழும். அதேபோல, கரூர்க் கடை ஈரோட்டுச் சர்வரையும் மதுரை இருப்புக் கம்ப்யூட்டரையும் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று மும்பையின் ஃபயர்வாலில் எழுதிவிடலாம். கரூரில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் மூன்று ஊரின் பிரிண்டர் வரைக்கும் அது பரவாமல் தடுக்க, எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

மும்பைச் சர்வரே படுத்துவிட்டால்? மூன்று ஊரும் தனித்தனித் தீவாகும். இன்டர்நெட் இருக்கும், ஒருவருக்கொருவர் பேச்சு இருக்காது. முன்னேற்பாடு எளிது. மையத்தின் கோப்பையும் அதன் ரகசியச் சாவியையும் பத்திரமாகப் பிரதி எடுத்துவைத்திருந்தால், வேறொரு நிறுவனத்தில் புதுச் சர்வர் வாங்கி, அந்தக் கோப்பை வைத்து ஓட்டி, அரை மணி நேரத்தில் மீளலாம். கிளைகளின் பார்வையில் அது அதே பழைய சர்வர்தான், ஏனென்றால் சாவி அதே சாவி. மாறுவது முகவரி மட்டும். கிளைகளில் `Endpoint`-இல் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை எழுதியிருந்தால், அந்தப் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஆனால் வயர்கார்டு அந்தப் பெயரைத் துவங்கும்போது ஒரே ஒருமுறைதான் விசாரிக்கிறது. அதன்பின் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். இதற்காகவே அதன் கருவிகளோடு `reresolve-dns.sh` என்ற சிறு நிரல் வருகிறது. ஒவ்வொரு கிளையிலும் அதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால், கைகுலுக்கல் நின்றுபோன இணைப்பின் பெயரை மறுபடி விசாரித்துப் புது முகவரிக்கு மாறிக்கொள்ளும். அந்த ஏற்பாடு இல்லாத கிளைக்குப் போன் போட்டு, ரவுட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கும்.